போத்தலுக்கு அடையாளம் இருக்கு, பெடியனிட்டை மட்டும் கேக்கமாட்டினம்

போன மாதம் எங்கட பக்கத்தில ஒரு சனசமூக நிலையத்தில கூட்டம் ஒண்டு நடந்தது. பெடியள் குடிச்சுப்போட்டு மோட்டசைக்கிளில விழுந்து சாகிறது பற்றின கதை. ஒரு ஐயா எழும்பி, "வடக்குக்கு எண்டு தனிச்சட்டம் கொண்டு வரவேணும். இருபத்தைஞ்சு வயசுக்குக் கீழ ஒருத்தனுக்கும் குடுக்கக்கூடாது. இந்தியாவில ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு வயசு வைச்சிருக்கினம்தானே, எங்களுக்கு ஏன் ஏலாது?" எண்டு கேட்டார். எல்லாரும் கைதட்டினம். நாங்களும் தட்டினம், உண்மையைச் சொன்னால்.

வீட்டை வந்து யோசிக்கத்தான் அந்தக் கைதட்டல் எங்களுக்கே உறுத்தத் தொடங்கிச்சு. ஐயாவின்ர கோபம் நியாயம். ஆனால் அவர் கேட்ட தீர்வு, ஏற்கனவே இருக்கிற ஒரு இலக்கத்தை எடுத்துப்போட்டு இன்னொரு இலக்கத்தை வைக்கிறது. இருக்கிற இலக்கத்தையே ஒருத்தரும் பார்க்காத ஊரில, புது இலக்கத்தை ஆர் பார்க்கப்போகினம்?

முதலில எங்கட சட்டத்தைச் சொல்லுவம். இலங்கை முழுதுக்கும் வயது ஒண்டுதான். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு மதுசாரமோ சிகரெட்டோ விற்கக்கூடாது எண்டு சொல்லுது. கொழும்பிலும் 21, கிளிநொச்சியிலும் 21, முல்லைத்தீவிலும் 21. இது வாங்க வாற பெடியனைப் பார்த்துச் சொன்ன சட்டம் இல்லை. விற்கிறவரைப் பார்த்துச் சொன்ன சட்டம். இதை மனசில வைச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

இனி ஐயா காட்டின இந்தியா. அங்க மதுவைப் பற்றிச் சட்டம் போடுற அதிகாரம் அரசியலமைப்பிலேயே மாநிலங்களிட்டைக் குடுக்கப்பட்டிருக்கு. அதனால ஒரே நாட்டுக்குள்ள புதுச்சேரியில 18, தமிழ்நாட்டில 21, கேரளாவில 23, டெல்லியில 25. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. கேட்க நல்லாயிருக்கும்: ஒவ்வொரு சமூகமும் தன்ர பிள்ளையளுக்குத் தானே கோடு கீறுது எண்டு. ஆனால் அந்தக் கோடு நிலத்தில எப்பிடிக் கிடக்கு எண்டு பார்க்கவேணும்.

மாஹே எண்டொரு சின்ன ஊர். ஒன்பது சதுர கிலோமீற்றர்தான். கேரளாவின்ர கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில கிடக்கு. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இடமெண்டதால அது கேரளா இல்லை, புதுச்சேரியின்ர ஒரு துண்டு. புதுச்சேரிச் சட்டம்தான் அங்க செல்லும். ஆற்றுப் பாலத்துக்கு வடக்கே நியூ மாஹே, அது கேரளா. அதாவது பாலத்தின்ர ஒரு பக்கம் நிற்கிற பெடியனுக்கு 23 வயது வரைக்கும் போத்தல் இல்லை. நடந்து அடுத்த பக்கம் வந்தால் 18 காணும். ஐஞ்சு வருச இடைவெளியை ஒரு பாலம் அழிச்சுப்போடுது. கேரளா 21இல இருந்து 23 ஆக வயதை உயர்த்தினபோது அந்தப் பாலம் ஒரு அடிகூட நீளேல்லை.

தமிழ்நாட்டுக்கும் இதே கதை. புதுச்சேரி விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் நடுவில, துண்டு துண்டாய்க் கிடக்கிற நிலம். கடலூரில பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள புதுச்சேரி. எங்கட சொந்தக்காரர் கனபேர் அங்க முகாமிலும் வெளியிலும் இருந்தவை, அவைக்கு இது புதினம் இல்லை. அந்த எல்லையில சோதனைச்சாவடியும் இருக்கு. ஆனால் அங்க என்ன சோதிக்கினம்? போத்தலைச் சோதிக்கினம். புதுச்சேரியில வரி குறைவு, சரக்கு மலிவு. அதைத் தமிழ்நாட்டுக்குள்ள கடத்தினால் தமிழ்நாடு அரசின்ர டாஸ்மாக் கடைகளுக்கு விற்பனை குறையும், அரசுக்கு வரி போகும். அதனால பையைத் திறந்து பாக்கினம், வாகனத்தின்ர சீற்றுக்குக் கீழ பாக்கினம். குடிச்சுப்போட்டு வெறுங்கையோட வாற பத்தொன்பது வயதுப் பெடியனை அந்தச் சாவடி தேடேல்லை. அவன்ர வயிற்றுக்குள்ள போனதுக்கு வரி நட்டம் வந்ததெண்டு கணக்கு எழுதிற இடம் அங்க இல்லை.

இதில இருந்து நாங்கள் விளங்கிக்கொண்டது ஒண்டுதான். அரசு தனக்கு நட்டம் வாற இடத்தில கண்ணை முழிச்சுப் பார்க்கும். பிள்ளைக்கு நட்டம் வாற இடத்தில ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போகும்.

இப்ப திரும்பி எங்கட ஏ9 வீதிக்கு வருவம். எங்களில நாலு பேர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வைன் ஸ்டோர்ஸ் ஒண்டுக்கு முன்னால இருக்கிற தேத்தண்ணிக் கடையில இருந்தம். எந்த ஊர், எந்தக் கடை எண்டு சொல்லமாட்டம். சொன்னால் அந்தக் கடை மட்டும்தான் பிழை எண்டு மிச்சக் கடையள் நிம்மதியாய்ப் படுக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல பாத்தம். கம்பி வலைக்குள்ளால காசு போகுது, போத்தல் வருகுது. மீசை அரும்பாத முகங்களும் வந்தது. ரியூஷன் பையோட ஒருத்தன் வந்தான். ஒருத்தரிட்டைக்கூட "ஐசியைக் காட்டு தம்பி" எண்ட சத்தம் எங்களுக்குக் கேக்கேல்லை. வலைக்கு மேல பெரிய எழுத்தில "21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பனை செய்யப்படமாட்டாது" எண்டு மூண்டு மொழியிலும் எழுதியிருந்தது.

அதே கடைக்கு ஒரு பொம்பிளை போய் நிண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? உடனே கண்டுபிடிச்சிருப்பினம். 1979இல மதுவரிச் சட்டத்தின்ர கீழ வந்த அறிவித்தல் ஒண்டு, கடையில பெண்களுக்கு மது விற்கிறதைத் தடுத்தது. 2018 ஜனவரியில மங்கள சமரவீர நிதியமைச்சராய் இருந்தபோது அதை நீக்கினார். சில நாளுக்குள்ள ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்ப வாங்கச் சொன்னார். ஒரு வயதுவந்த பெண் என்ன வாங்கிறாள் எண்டதுக்கு நாடே பதறினது. ஆனால் பதினேழு வயதுப் பெடியன் வாங்கிறதுக்கு ஒரு அமைச்சரவைக் கூட்டமும் பதறேல்லை. பொம்பிளையா எண்டு பார்க்கக் கடைக்குக் கண் இருக்கு. சின்னப்பெடியனா எண்டு பார்க்கத்தான் கண் மங்குது.

போத்தலுக்கும் கண் இருக்கு. மதுவரித் திணைக்களம் போத்தலில ஸ்டிக்கர் ஒட்டுது, அது வரி கட்டின சரக்கோ கள்ளச் சரக்கோ எண்டு கண்டுபிடிக்க. அதாவது சாராயப் போத்தல் ஒவ்வொண்டும் தன்ர அடையாள அட்டையோட வெளியில வருகுது. அதைத் தூக்கிக்கொண்டு போற பெடியனுக்குத்தான் அடையாளம் தேவையில்லை.

"அடையாள அட்டையைக் கேட்டுக்கொண்டு நிண்டால் யாவாரம் நடக்குமோ?" எண்டு ஒரு கடைத் தொழிலாளி அண்ணை எங்களிட்டைக் கேட்டார். வன்னியில இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிஞ்சது. ஓமந்தையில பஸ்ஸால இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில வரிசையில நிண்டு ஐசி காட்டின சனம் நாங்கள். எங்கட அம்மாமாருக்கு வீட்டுத் திறப்பு மறந்தாலும் ஐசி மறக்காது. லொட்ஜில கேப்பினம், சிம் எடுக்கக் கேப்பினம், வங்கியில கேப்பினம், சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில கேப்பினம். உலகத்திலேயே அடையாள அட்டையைக் காட்டப் பழகின சனம் எங்களைப்போல குறைவு. அந்த அட்டையை எங்கட நன்மைக்காகக் கேட்கவேண்டிய ஒரே ஒரு இடத்தில, "நேரமில்லை" எண்டினம்.

சரி, எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒருக்கால் செய்து பாப்பம்.

2016க்குப் பிறகு வந்த அட்டைகளில இலக்கம் 12 தானம். முதல் நாலும் பிறந்த வருசம். அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள் எண்டது. பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் கடைசியில ஒரு எழுத்தும் இருக்கும், அதில வருசத்துக்கு ரெண்டு இலக்கம்தான். ஆனால் இப்ப 21 வயதுக்குக் கிட்ட நிற்கிற பெடியள் எல்லாருக்கும் புது இலக்கம்தான். அதனால கணக்கே தேவையில்லை, முதல் நாலு இலக்கத்தைப் பார்த்தால் காணும். இது 2026 எண்டால், 2004 அல்லது அதுக்கு முதல் எண்டு தொடங்கினால் குடுக்கலாம். 2006 அல்லது அதுக்குப் பிறகு எண்டால் இல்லை. 2005 எண்டு தொடங்கிறவரிட்டை மட்டும் அடுத்த மூண்டு இலக்கத்தைப் பார்க்கவேணும்.

உதாரணத்துக்கு ஒருத்தன்ர அட்டை 2005245 எண்டு தொடங்குது. 245ஆம் நாள் எண்டது செப்டெம்பர் 1. (இந்த முறையில பெப்ரவரிக்கு எந்த வருசமும் 29 நாளாய்த்தான் எண்ணுவினம். அது தெரியாமல் கலண்டரில எண்ணினால் மார்ச்சுக்குப் பிறகு ஒரு நாள் பிழைக்கும்.) அப்ப அவன் 2026 ஓகஸ்ட் 31 பின்னேரம் வந்தால் இல்லை. செப்டெம்பர் 1 காலமை வந்தால் சட்டப்படி அவனுக்குக் குடுக்கலாம். அட்டையில பிறந்த திகதி தனியாயும் அடிச்சிருக்கு, அதையே வாசிக்கலாம். பிறகேன் இலக்கம் எண்டால், திகதியைச் சுரண்டி மாத்தினவனைப் பிடிக்க. திகதியும் இலக்கமும் ஒண்டையொண்டு ஒத்துப்போகவேணும். பெண்களுக்கு நாள் இலக்கத்தோட 500 கூட்டியிருக்கும், அதே நாளில பிறந்த பெண்ணுக்கு அது 745. ஆகவே அக்காவின்ர அட்டையைத் தம்பி கொண்டுவந்தால் படத்தைப் பார்க்காமலே தெரியும். அண்ணையின்ர அட்டையைக் கொண்டுவந்தால்தான் முகத்தையும் படத்தையும் பார்க்கவேணும். எல்லாம் சேர்த்துப் பத்துச் செக்கன். மிச்சக் காசு எண்ணிற நேரம்கூட இல்லை.

அப்ப ஏன் செய்யினமில்லை? கடையில நிற்கிற அண்ணையைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவர் நாட்சம்பளத்துக்கு நிற்கிறவர். லைசென்ஸ் எங்கேயோ இருக்கிற ஒருத்தற்ர பேரில. கடையை நடத்துறது இன்னொருத்தர். விற்பனை குறைஞ்சால் ஏச்சு வாங்கிறது இவர். ஒருத்தனைத் திருப்பி அனுப்பினதுக்கு இவரை ஆரும் பாராட்டப்போறதில்லை. திருப்பி அனுப்பாததுக்கும் ஆரும் கேக்கப்போறதில்லை. உள்ளூர்ப் பெடியனை "இல்லை" எண்டு சொன்னால் பின்னேரம் கல்லெறி விழும் எண்ட பயமும் இருக்கு. ஆகவே பலகைக்குக் கீழ இருந்து விற்கிறார்.

இதில முக்கியமான ஆள் லைசென்ஸ்காரர். 2024 டிசம்பரில பாராளுமன்றத்தில வெளியிட்ட புது மதுபான அனுமதிப்பத்திரப் பட்டியலில கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16 இருந்தது. மீள்குடியேறி இன்னும் வீட்டுக்கு நிலம் போடாத சனம் இருக்கிற மாவட்டத்துக்கு. ஆருக்குக் குடுத்தது, ஆர் சிபாரிசு எண்டு எல்லாரும் கேட்டவை, கேட்கத்தான் வேணும். ஆனால் அந்தக் கடையள் வயது பாக்கிறதோ எண்டு ஒருத்தரும் கேட்டதாய் எங்களுக்குத் தெரியேல்லை. லைசென்ஸ் வருசா வருசம் புதுப்பிக்கிறது. அதாவது வருசத்துக்கு ஒருக்கால் கேட்க ஒரு கதவு திறக்குது. அந்தக் கதவுக்கால கட்டணம் மட்டும்தான் உள்ளுக்குப் போகுது.

இனி லண்டனுக்கு ஒருக்கால் போய் வருவம். எங்கட வீடுகளில ஒராளாவது அங்க கடை வைச்சிருக்கிறார் அல்லது கடையில நிற்கிறார். பால், பாண், மரக்கறி, பின்னால தட்டில வைன், விஸ்கி. அங்க வயது 18. எங்களுக்கு 21. இலக்கத்தைப் பார்த்தால் நாங்கள்தான் கடுமை. ஆனால் அங்க நிற்கிற எங்கட சித்தப்பா, 25 வயதுக்குக் கீழ எண்டு தெரியிற எவரிட்டையும் அடையாளம் கேக்கிறார். சலஞ்ச் 25 எண்டு அதுக்குப் பேர். 18 எண்டதுக்கு 18ஐத் தேடினால் கண் பிழைக்கும், பதினாறும் இருபதும் முகத்தில ஒண்டுபோலத்தான். அதனால ஏழு வருசம் மேல நிண்டு கேக்கிறது. கேக்கப்பட்டவனுக்கும் அது அவமானம் இல்லை, எல்லாரிட்டையும் கேக்கிறதால. கல்லாவுக்குக் கீழ ஒரு கொப்பி இருக்கும். ஆருக்கு, எத்தினை மணிக்கு, ஏன் குடுக்கேல்லை எண்டு அதில எழுதவேணும்.

சித்தப்பா அங்க போய் நல்ல மனுசன் ஆகினதால இதைச் செய்யேல்லை. உள்ளூராட்சி மன்ற அதிகாரிகள் 18 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளை ஒண்டைச் சும்மா வாங்க வாறமாதிரி அனுப்புவினம். பிள்ளைக்குப் போத்தலைக் குடுத்தால் பின்னால அதிகாரி வருவார். மூண்டு மாதத்துக்குள்ள ரெண்டு தரம் பிடிபட்டால் கடையே மது விற்கிறதை நிற்பாட்டவேண்டி வரலாம், லைசென்ஸ் விசாரணைக்குப் போகும். அங்க வயது பார்க்கிறதால வாற நட்டத்தைவிட, பார்க்காமல் விடுறதால வாற நட்டம் பெரிசு. கணக்கு அவ்வளவுதான். அதே மனுசன் இங்க வந்து கடை போட்டால் பலகைக்குக் கீழ இருந்துதான் விற்பார்.

ஆகவே ஐயாவுக்கு எங்கட மறுமொழி இது. வடக்குக்கு 25 எண்டு சட்டம் வந்தால், வவுனியாவுக்குத் தெற்கே அடுத்த மாகாணத்தில 21. மதவாச்சி எங்களுக்கு மாஹே ஆகும். ஓட்டோக்காரருக்கு ஒரு புது ஹயர் கிடைக்கும். அதுக்கும் முதல், அந்தச் சட்டத்தைப் போடுற அதிகாரம் ஆரிட்டை இருக்கு எண்டும் பார்க்கவேணும். 13ஆம் திருத்தம் மதுபான அனுமதிக் கட்டணங்களை மாகாணத்தின்ர வருமானப் பட்டியலில போட்டிருக்கு. வயதுச் சட்டம் கொழும்பில போட்டது. வட மாகாண சபையோ 2018 ஒக்ரோபரோட காலாவதியாகி, பிறகு தேர்தலும் இல்லாமல் கிடக்கு. இல்லாத சபையிட்டை, இல்லாத அதிகாரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில இருக்கிற 21ஐ வேலை செய்ய வைக்கலாம்.

எங்கட கோரிக்கை மூண்டுதான். ஒண்டு, கம்பி வலைக்கு மேல இருக்கிற பலகையில "21 வயது" எண்டு எழுதாமல் திகதியை எழுதவேணும்: "இண்டைக்கு இந்தத் திகதிக்குப் பிறகு பிறந்தவருக்கு விற்பனை இல்லை." காலமை கடை திறக்கேக்க சோக்கட்டியால மாத்தினால் காணும். கழிச்சுப் பார்க்கிற வேலையும் இல்லை, சாட்டும் இல்லை. ரெண்டு, முப்பது வயது போலத் தெரியாத எல்லாரிட்டையும் ஐசி கேக்கவேணும், திருப்பி அனுப்பினதைக் கொப்பியில எழுதவேணும். அந்தக் கொப்பி வெறுமையாய்க் கிடந்தால் அதுவே சாட்சி: ஏ9 வீதியில ஒரு கடைக்கு வருசம் முழுக்க ஒரு சின்னப்பெடியனும் வரேல்லை எண்டால் ஆர் நம்புவினம்? மூண்டு, லைசென்ஸ் புதுப்பிக்கேக்க அந்தக் கொப்பியைக் கேக்கவேணும். இந்தச் சட்டத்தின்ர கீழ பொலிசுக்கும், மதுவரி அதிகாரிக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பார்க்கிற அதிகாரம் இருக்கு. பி.எச்.ஐ. ஐயா சாப்பாட்டுக்கடையில எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கலாம்.

இதால எல்லாம் நிக்குமோ? நிக்காது. வெளியில நிற்கிற பெரியவரிட்டைக் காசைக் குடுத்து வாங்குவிப்பான். போயா நாளில வீட்டில வைச்சு விற்கிற ஆளிட்டைப் போவான், அந்த ஆள் ஐசியும் கேக்கமாட்டார், பலகையும் வைச்சிருக்கமாட்டார். கசிப்பு இருக்கு. "அப்ப கடையில மறிச்சால் கசிப்புக்குத்தானே போவான்" எண்டு கடைக்காரர் சொல்லுற நியாயமும் எங்களுக்குத் தெரியும். ஆனால் ரியூஷன் பையோட வந்தவன் கசிப்புக்காரனைத் தேடி வந்தவன் இல்லை. ரோட்டோரத்தில, வெளிச்சத்தில, பில் போடாமல், ஒரு சொல்லும் கேக்காமல் கிடைச்சது எண்டதால வந்தவன். ஒரு பெரியவரைக் கெஞ்சவேணும், ஒரு ஒழுங்கைக்குள்ள போகவேணும் எண்டால் அவனில பாதிப்பேர் அண்டைக்குப் பியரை விட்டுப்போட்டு ஐஸ்கிரீம் குடிக்கப் போவினம். முதல் போத்தலை ஒரு வருசம் பிந்த வைக்கிறதுகூட ஒரு வேலைதான்.

இதை எழுதுற எங்களில சிலர் குடிக்கிறனாங்கள். 21க்கு முதல் குடிச்சவையும் எங்களுக்குள்ள இருக்கினம், அதே மாதிரி ஒரு கம்பி வலைக்குள்ளால வாங்கித்தான். அதனால ஒழுக்கப் பாடம் எடுக்க வரேல்லை. நாங்கள் கேக்கிறது சின்ன விசயம். எங்களைச் சந்தேகப்படுறதுக்காக ஆயிரம் தரம் வாங்கிப் பார்த்த அட்டையை, எங்கட தம்பியைக் காப்பாத்திறதுக்காக ஒருக்கால் வாங்கிப் பாருங்கோ.

அடுத்த கூட்டத்துக்கு அந்த ஐயா வருவார். நாங்களும் போவம், ஒரு சோக்கட்டியோட.